10.50% கடன் 11.68% ஆனது எப்படி? சாங்ஷன் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய நாலு இடங்கள்



போன மாசம் காரைக்கால் கோட்டுச்சேரியில் இருந்து நம்ம சப்ஸ்கிரைபர் அண்ணன் ஒருத்தர் வாட்ஸ்அப்பில் எட்டுப் பக்க சாங்ஷன் லெட்டர் ஒன்றை அனுப்பினார். "தம்பி, வட்டி 10.50 தான் போட்டிருக்காங்க. மத்த இடத்துல எல்லாம் பதினொன்னுக்கு மேல சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காங்க. போடலாமா?" இதுதான் அவருடைய கேள்வி.

வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்து 15 லட்சம் கடன், பத்து வருஷம். மாடியைக் கட்டி முடிக்கணும், பொண்ணு கல்யாணமும் இருக்கு. கடன் கொடுப்பது ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தின் நாகப்பட்டினம் கிளை. நிறுவனத்தின் பெயர் நமக்குத் தேவையில்லை. ஏனென்றால் இந்த லெட்டரில் நான் பார்த்தது எல்லாமே வேறு பல நிறுவனங்களின் லெட்டரிலும் இருக்கக்கூடியதுதான்.

இரண்டு பேரும் போனிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். உங்கள் லெட்டரையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில்: உங்கள் கையில் இருப்பது முழு லெட்டரா?

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் புதிய சில்லறைக் கடன்கள், சிறு தொழில் கடன்கள் எல்லாவற்றுக்கும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுத்தே ஆக வேண்டும். சுருக்கமாக கேஎஃப்எஸ். வங்கியாக இருந்தாலும் ஃபைனான்ஸ் நிறுவனமாக இருந்தாலும் இதே விதிதான்.

வட்டி, எல்லாக் கட்டணங்கள், எல்லாம் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதமான ஏபிஆர், மாதத் தவணை அட்டவணை, புகார் செய்ய வேண்டிய அதிகாரியின் விவரம் என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்கணும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கணும் என்பதும் விதி. அதனால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

இதில் இரண்டு வரி நமக்கு ரொம்ப முக்கியம். ஒன்று, கேஎஃப்எஸ்-இல் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் காலத்தில் எப்போதும் வாங்கக் கூடாது. இரண்டு, ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடனுக்கு, அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகளை ஏற்பதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தரணும்.

அதாவது "நாளைக்கே கையெழுத்துப் போடணும், இல்லைன்னா இந்த ரேட் போயிடும்" என்று சொல்வதற்கு இடமே இல்லை. அண்ணனிடம் கேட்டேன், அந்தத் தாள் இருக்கா என்று. எட்டுப் பக்கத்தில் அது இல்லை. கிளைக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகு சாயங்காலம் மெயிலில் வந்தது. மூன்று நாள் நேரமும் கிடைத்தது.

1. வட்டி எந்த வகை?

லெட்டரின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் "10.50%" என்று இருந்தது. நாலாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த விஷயம் இதுதான்: முதல் 24 மாதம் 10.50% நிலையான வட்டி. அதற்குப் பிறகு, நிறுவனத்தின் ஆர்பிஎல்ஆர் விகிதத்தில் 6.90% கழித்து வரும் மாறும் வட்டி.

ஆர்பிஎல்ஆர் என்பது அந்த நிறுவனம் தனக்குத் தானே அறிவித்துக்கொள்ளும் அடிப்படை விகிதம். இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டோம். 17.65% என்றார்கள். அதில் 6.90 கழித்தால் 10.75. அதாவது எதுவுமே மாறாவிட்டாலும், 25-ஆம் மாதம் வட்டி கால் சதவீதம் ஏறும். 10.50 என்பது இரண்டு வருஷத்துக்கான அறிமுக விலை, அவ்வளவுதான்.

இங்கே வங்கிக்கும் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கணும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தணும். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50-இல் இருந்து படிப்படியாக 5.25 வரை இறக்கியது. ரெப்போவோடு இணைந்த கடன் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குறைப்பு தானாக வந்து சேரும். ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் ஆர்பிஎல்ஆரை இறக்கினால்தான் உங்களுக்குக் குறையும்.

அதனால் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் வாங்குபவர்கள் ஒரே ஒரு கேள்வியை மெயிலில் கேளுங்கள்: "2025 ஜனவரியில் உங்கள் ஆர்பிஎல்ஆர் எவ்வளவு, இப்போது எவ்வளவு?" ரெப்போ 1.25 இறங்கிய காலத்தில் அவர்கள் எவ்வளவு இறக்கினார்கள் என்பது, அடுத்த பத்து வருஷம் உங்களிடம் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைக் காட்டிவிடும்.

இன்னொன்று, வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவார்களா, மாதங்களைக் கூட்டுவார்களா என்று லெட்டரில் பாருங்கள். பல இடங்களில் தவணை அப்படியே இருக்கும், மாதங்கள் சத்தமில்லாமல் நீளும். வட்டி திருத்தும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை உங்களுக்குத் தரணும் என்று 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை சொல்கிறது.

2. புராசஸிங் ஃபீஸும் அதன் கூட்டாளிகளும்

அண்ணன் லெட்டரில் புராசஸிங் ஃபீஸ் 1%. "15 லட்சத்துக்கு 15,000 தானே" என்றார். ஆனால் கடன் தொகை என்ற இடத்தில் 15,45,000 என்று இருந்தது! அந்த 45,000 எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். இப்போதைக்கு ஃபீஸை மட்டும் கூட்டுவோம்.

புராசஸிங் ஃபீஸ் 15,45,000-இல் 1% என்றால் 15,450 ரூபாய். அதன் மேல் 18% ஜிஎஸ்டி 2,781. மொத்தம் 18,231. வக்கீல் கருத்துக்கும் வீட்டு மதிப்பீட்டுக்கும் 6,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 7,080. விண்ணப்பம் கொடுத்த அன்றைக்கே லாகின் ஃபீஸ் என்று யுபிஐயில் 2,950 வாங்கியிருந்தார்கள். இந்த 2,950 லெட்டரிலும் இல்லை, கேஎஃப்எஸ்-இலும் இல்லை. "அது புராசஸிங் ஃபீஸில் கழிஞ்சிடும் சார்" என்று எக்ஸிக்யூட்டிவ் வாயால் சொல்லியிருக்கிறார். ஆனால் கேஎஃப்எஸ்-இல் 18,231 முழுசாக இருக்கு. கழியவில்லை என்றுதானே அர்த்தம்? மூன்றையும் கூட்டினால் 28,261 ரூபாய்.

இதில் இன்னொரு வரி: "முத்திரைத் தீர்வை மற்றும் எம்ஓடி செலவு நடைமுறைப்படி". நம்ம ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகப் பார்க்கணும். கடல் பக்கம் தவிர காரைக்காலைச் சுற்றி எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. ஆனால் நாம் புதுச்சேரி. கடன் கொடுக்கும் கிளை நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ இருக்கும், அவர்கள் கையில் இருக்கும் கட்டணப் பட்டியல் தமிழ்நாட்டுக்கானது. வீடு இருப்பது நம்ம பகுதியில், பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவதும் நம்ம சார்பதிவாளர் அலுவலகத்தில், கட்டணம் புதுச்சேரி அரசின் விதிப்படி. அதனால் "நடைமுறைப்படி" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். "காரைக்கால் சொத்துக்கு எவ்வளவு ரூபாய், அரசு ரசீது எனக்குத் தருவீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே ஒரு முறை விசாரித்துவிட்டால், யாரும் கூட்டிச் சொல்ல முடியாது. (கீழே வரும் கணக்கில் இந்தப் பதிவுச் செலவை நான் சேர்க்கவில்லை.)

3. கேட்காமலே வந்த 45,000

இப்போது அந்த 45,000-க்கு வருவோம். ஆறாம் பக்கத்தில் "லோன் ப்ரொடெக்ஷன் கவர், ஒரே தவணை பிரீமியம், கடனோடு சேர்க்கப்பட்டது" என்று இருந்தது. அதாவது ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தையும் கடனாகவே கொடுத்து, அதற்கும் பத்து வருஷம் வட்டி வாங்குவார்கள்.

15 லட்சத்துக்கு 10.50% வட்டியில் 120 மாதத் தவணை 20,240. அதுவே 15,45,000-க்கு 20,847. மாதம் 607 ரூபாய்தான் வித்தியாசம், கண்ணிலேயே படாது. 120 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 45,000 ரூபாய் பாலிசிக்கு சுமார் 72,900 ரூபாய் கட்டுகிறோம்.

காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் இருக்கும்போது குடும்பத் தலைவருக்குக் காப்பீடு அவசியம். ஆனால் அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு டெர்ம் பாலிசி இருக்கு, கடனை விடப் பெரிய தொகைக்கு. இரண்டாவது பாலிசி அவருக்குத் தேவையில்லை. "இன்சூரன்ஸ் போட்டாதான் ஃபைல் நகரும்" என்று கிளையில் சொன்னார்களாம். "இது கட்டாயம் என்று லெட்டரில் எந்த வரியில் இருக்கிறது என்று மெயிலில் காட்டுங்கள்" என்று எழுதச் சொன்னேன். அப்படி ஒரு வரி இல்லை. அடுத்த நாள் பிரீமியத்தை எடுத்துவிட்டு 15,00,000-க்குத் திருத்திய லெட்டர் வந்தது.

உங்களுக்கு அந்தப் பாலிசி தேவைதான் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: காப்பீட்டுத் தொகை கடன் குறையக் குறைய இறங்குமா? கடனை முன்கூட்டியே அடைத்தால் மீதி பிரீமியம் திரும்ப வருமா? பிரீமியம் ரசீது எங்கே? மூன்றாம் நபருக்காக வாங்கும் கட்டணத்துக்கு ரசீது தரணும் என்பதும், அந்தச் செலவு ஏபிஆர் கணக்கில் சேரணும் என்பதும் விதியிலேயே இருக்கு.

ஏபிஆரை நீங்களே போட்டுப் பார்க்கலாம்

கேஎஃப்எஸ்-இல் ஏபிஆர் இருக்கும். ஆனாலும் எல்லாக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று தெரிய, மொபைலில் உள்ள எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரே வரி போதும். முதலில் மாதங்கள், பிறகு தவணை (மைனஸ் குறியோடு), கடைசியில் உங்கள் கைக்கு உண்மையில் வந்து சேரும் பணம்.

அண்ணனுக்குக் கையில் நிற்பது 15,00,000-இல் 28,261 போக 14,71,739 ரூபாய். பிரீமியம் 45,000 நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும், அதனால் அது கைப்பணத்தில் வராது.

```
=RATE(120,-20847,1471739)*12
```

பதில் 11.68%. அதுவும் 10.50 கடைசி வரை நீடிக்கும் என்று வைத்துத்தான்! நிறுவனம் கொடுத்த கேஎஃப்எஸ்-இல் இதைவிடக் குறைவாக இருந்தது. காரணம், லாகின் ஃபீஸ் 2,950 அதில் சேரவில்லை. உங்கள் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், எந்தக் கட்டணம் விடுபட்டது என்று தேடுங்கள். கண்டிப்பாக ஏதாவது கிடைக்கும்.

4. முன்கூட்டியே கட்டினால் என்ன ஆகும்?

அண்ணனுக்கு ஒரு சீட்டு முடியுது, கடன் வாங்கிய 14-ஆம் மாதம் வாக்கில். வரும் பணத்தில் 4 லட்சத்தை அசலில் கட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். "இப்பல்லாம் ப்ரீபேமென்ட்டுக்குக் கட்டணமே கிடையாதே தம்பி, ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சே" என்றார்.

பாதி உண்மை. 2025 ஜூலை 2-இல் வந்த ரிசர்வ் வங்கியின் உத்தரவு, 2026 ஜனவரி 1 முதல் சாங்ஷன் ஆகும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களுக்குப் பொருந்தும். தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கிய கடன் என்றால் வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. முழுசாக அடைத்தாலும் சரி, ஒரு பகுதி கட்டினாலும் சரி. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. குறைந்தது இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டணும் என்ற நிபந்தனையும் கூடாது.

ஆனால் 'மாறும் வட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். பாதிக்காலம் நிலையான வட்டி, மீதி மாறும் வட்டி என்ற கலப்புக் கடனில், நீங்கள் பணம் கட்டும் அன்றைக்குக் கடன் எந்த வட்டியில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அண்ணன் கட்டப் போவது 14-ஆம் மாதம். அப்போது கடன் நிலையான வட்டியில் இருக்கும். லெட்டரின் ஏழாம் பக்கத்தில், நிலையான வட்டிக் காலத்தில் முன்கூட்டிக் கட்டினால் 3% மற்றும் ஜிஎஸ்டி என்று இருந்தது. 4 லட்சத்துக்கு 12,000, ஜிஎஸ்டி 2,160. மொத்தம் 14,160 ரூபாய். அதே பணத்தை 25-ஆம் மாதம் கட்டினால் கட்டணம் பூஜ்யம்.

அதனால் நாங்கள் வேறு ஒன்று கேட்டோம். முதல் நாளில் இருந்தே மாறும் வட்டியில் கொடுத்தால் எவ்வளவு? 10.75 என்றார்கள். கால் சதவீதம் கூட. அந்த இரண்டு வருஷத்துக்கு இதனால் ஆகும் கூடுதல் வட்டி, நடுவில் 4 லட்சம் கட்டுவதையும் சேர்த்துப் பார்த்தால் 7,000 ரூபாய்க்குள்தான் வரும். மிச்சமாவது 14,160. உங்களுக்கு நடுவில் பெரிய பணம் எதுவும் வராது என்றால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அப்போது 10.50-ஏ லாபமாக இருக்கலாம். அதனால்தான் லெட்டரைப் படிப்பதற்கு முன்னால், அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எப்போது எவ்வளவு பணம் கைக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதே பக்கத்தில் இன்னொரு பொறி இருந்தது. கடனின் நோக்கம் என்ற இடத்தில் "தொழில் விரிவாக்கம்" என்று போட்டிருந்தார்கள்! அண்ணனிடம் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை இருக்கிறது; ஜிஎஸ்டி தாக்கல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில் இருந்துதான் கொடுத்தார். ஃபைல் சீக்கிரம் பாஸ் ஆகட்டும் என்று எக்ஸிக்யூட்டிவ் அப்படி எழுதிவிட்டார். தனிப்பட்ட தேவைக்கான கடன் என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தடைதான். தொழில் கடன் என்றால் நிறுவனம் எந்த வகை, கடன் 50 லட்சத்துக்கு உள்ளேயா என்பதைப் பொறுத்து விதி மாறும். சிறிய ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு அந்தத் தடை பொருந்தாமலே போகலாம். உண்மையான நோக்கம் வீடு கட்டுவதும் கல்யாணமும். அதையே எழுதச் சொல்லி மாற்றினோம்.

தாமதத்துக்கான அபராதம்: ஒரு நிமிடம்

2024 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன்களில் தாமதத்துக்காக வட்டி விகிதத்தைக் கூட்டக் கூடாது. அபராதக் கட்டணமாக மட்டும் வாங்கலாம். அந்த அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. உங்கள் லெட்டரில் "கூடுதல் வட்டி மாதம் 2%" என்கிற மாதிரி பழைய வரி இருந்தால், பழைய டெம்ப்ளேட்டை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மாற்றித் தரச் சொல்லுங்கள். அதேபோல, வட்டி ஓட வேண்டியது பணம் உங்களுக்குக் கிடைத்த நாளில் இருந்துதான். சாங்ஷன் தேதியில் இருந்தோ, அவர்கள் கையிலேயே வைத்திருந்த செக்கின் தேதியில் இருந்தோ வட்டி போடுவது தவறு என்று 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கு.

கடைசியில் என்ன ஆச்சு?

திருத்திய லெட்டரில் 15,00,000 கடன், முதல் நாளில் இருந்து 10.75% மாறும் வட்டி, காப்பீடு இல்லை. லாகின் ஃபீஸ் 2,950 புராசஸிங் ஃபீஸில் கழிக்கப்பட்டது. நோக்கம் வீடு மற்றும் குடும்பத் தேவை. முன்கூட்டிக் கட்டக் கட்டணம் இல்லை. தவணை 20,451. கட்டணங்கள் போகக் கையில் 14,75,220.

```
=RATE(120,-20451,1475220)*12
```

பதில் சுமார் 11.16%. தடித்த எழுத்தில் இருந்த வட்டி 10.50-இல் இருந்து 10.75 ஆக ஏறியது. உண்மையான செலவு 11.68-இல் இருந்து 11.16 ஆக இறங்கியது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அண்ணன் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புராசஸிங் ஃபீஸைக் குறைக்கக் கேட்டோம், ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்பிஎல்ஆர் கழிவை 6.90-க்கு மேல் கூட்டவும் மறுத்துவிட்டார்கள். எல்லாமே கேட்டால் கிடைத்துவிடாது. லெட்டரில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு இவை எதுவுமே கேட்க முடியாது என்பதுதான் விஷயம்.

கையெழுத்துக்குப் பிறகு கேஎஃப்எஸ்-இல் இல்லாத கட்டணத்தைப் பிடித்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் கையெழுத்துப் போட்ட லெட்டர், கேஎஃப்எஸ், நீங்கள் கேட்ட மெயில், அவர்கள் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். போனில் சொன்னது எதுவும் அங்கே நிற்காது.

உங்கள் லெட்டரில் புரியாத வரி இருந்தால், பெயர், கடன் எண், போன் நம்பரை மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் கமென்ட்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசலாம்.